ஆயிரம் ரூபாய்க்கு ஆறு மாத ஒத்திகை

2022 செப்டம்பர் 5 அன்று தமிழ்நாடு அரசு புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். பணம் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று, மாணவர்களுக்கும் அதே தொகையைத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. ஒரு தலைமுறைக்கு முன்பு பதினேழு, பதினெட்டு வயதில் மாதாமாதம் தன் பெயரில் பணம் வாங்கியவர்கள் பெரும்பாலும் படிப்பை விட்டு வேலைக்குப் போனவர்கள்தான். இப்போது படித்துக்கொண்டிருக்கும்போதே வருகிறது.

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், பல்லாவரம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்களுக்கும் இதுதான் நிலை. ஜூன் மாதம் வரை அம்மாவிடம் பத்து, இருபது கேட்டு வாங்கிய பெண், கல்லூரிக்குப் போன சில மாதங்களில் ஒரு கணக்குக்குச் சொந்தக்காரி ஆகிறாள். பள்ளிக் கணக்குப் பாடம் அவளுக்கு ஒன்றும் சொல்லித் தராமல் இல்லை. எட்டாம் வகுப்பு ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்தில் கூட்டு வட்டி, தள்ளுபடி, லாப நட்டம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஆயிரம் ரூபாயை முப்பத்தோரு நாளுக்கு எப்படி நீட்டுவது என்பது வட்டிக் கணக்கு அல்ல. அதற்குச் சூத்திரம் கிடையாது. தேதி, ஆசை, நட்பு, வீட்டுத் தேவை இத்தனையும் ஒரே பணத்துக்குப் போட்டியிடுகிற விஷயம் அது.

பதின்பருவத்தினருக்குச் சேமிப்பையும் வரவு செலவுத் திட்டத்தையும் சொல்லித் தருவது பற்றி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன. டிம் கைசர், லூகாஸ் மென்கோஃப் என்ற இரு பொருளியலாளர்கள் பள்ளிகளில் நடந்த நிதிக்கல்விப் பரிசோதனைகளைத் தொகுத்து 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பாடம் படித்த பிள்ளைகளின் அறிவு கணிசமாகக் கூடியிருந்தது. புள்ளியியல் அளவில் 0.33 திட்ட விலக்கம். கணக்கு, மொழிப் பாடங்களில் நல்ல திட்டங்கள் தரும் பலனுக்கு நிகரானது. அதே பிள்ளைகள் பணத்தை நடத்தும் விதத்தில் தெரிந்த மாற்றமோ 0.07 மட்டுமே. தேர்வுத்தாளில் ‘தேவை எது, விருப்பம் எது’ என்று சரியாகப் பிரித்து எழுதியவர், மாலையில் கடை வாசலில் முன்பு போலவேதான் நடந்துகொள்கிறார்.

பிரேசிலில் 2010, 2011 ஆண்டுகளில் ஆறு மாநிலங்களில் 892 உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு நடந்த பெரிய பரிசோதனை இதைவிடக் கூர்மையாகப் பேசுகிறது. படித்தவர்களின் அறிவு உயர்ந்தது, சேமிப்பவர்கள் சற்றே கூடினார்கள். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் இருந்ததால் பெற்றோரின் அறிவும்கூட உயர்ந்தது. கூடவே, கடன் அட்டையிலும் தவணையிலும் பொருள் வாங்கும் மாணவர்களும் கூடினார்கள். பணத்தைப் பற்றிப் பேசப் பேச, பணம் புழங்கும் வழிகளில் தைரியமும் வந்துவிடுகிறது. அந்தத் தைரியம் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பாடத்தால் மட்டும் தீர்மானிக்க முடியவில்லை.

சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் பாக்கெட் மணி ஒத்திகை என்ற முறையைக் கையில் எடுக்கிறார்கள். வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம், ஒரு மாத வருமானம், அட்டையில் அச்சிட்ட செலவுகள். மாதங்கள் நிமிடங்களாக ஓடும். ஆனால் ஒத்திகை என்று பெயர் வைத்ததெல்லாம் பலன் தருவதில்லை. ஒரு தாளைக் கொடுத்து, ‘உனக்கு ஆயிரம் ரூபாய் வருகிறது, திட்டமிடு’ என்று சொல்லி, எழுதியதை வாங்கி மதிப்பெண் போட்டால் அது கட்டுரைப் போட்டி. மாதங்கள் ஒன்றை அடுத்து ஒன்றாக ஓட வேண்டும், முந்தைய மாதத்து மிச்சமும் கடனும் அடுத்த மாதத்துக்குள் நுழைய வேண்டும், ஒவ்வொரு செலவுக்கும் தேதி இருக்க வேண்டும். தேதி இல்லாத ஒத்திகை பணத்தைப் பற்றி எதையும் கற்றுத் தராது என்றே சொல்லலாம். ஏன் என்பதை ஒரு பாத்திரத்தை எடுத்து நடத்திப் பார்த்தால் தெரியும்.

அட்டையில் இருப்பவள் பெருங்களத்தூரிலிருந்து தாம்பரத்துக்கு வந்து படிக்கும் முதலாம் ஆண்டு மாணவி. ஒத்திகை ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. மாத வருமானம் 1,000 ரூபாய். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பயணத்துக்குத் தனியாக ஒதுக்கத் தேவையில்லை. அலைபேசி ரீசார்ஜ் 300. கல்லூரி நாள் 22 என்று வைத்து, நாளுக்கு 15 ரூபாய் டீ, பலகாரத்துக்கு 330. ஜெராக்ஸ், நோட்டுக்கு 120. மீதி 250 சேமிப்பு. அக்டோபர் கடைசியில் தேர்வுக் கட்டணம் 900 கட்ட வேண்டும் என்பது முதல் நாளே அவளுக்குத் தெரியும். மாதம் 250 வீதம் நான்கு மாதத்தில் 1,000 சேர்ந்துவிடும். கட்டணம் போக 100 மிஞ்சும். தாளில் இது அழகான திட்டம். தேதி கேட்காத வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

இப்போது நாட்காட்டியைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அவள் ஜூலை 2 அன்று ரீசார்ஜ் செய்கிறாள். பரவலாக விற்கும் பிரீபெய்டு திட்டங்களுக்கு ஆயுள் 28 நாள். அடுத்த ரீசார்ஜ் ஜூலை 30. அதாவது ஒரே மாதத்தில் இரண்டு முறை. 250 ரூபாய்ச் சேமிப்பு அன்றே கரைகிறது. போதாத 50 ரூபாயைத் தோழியிடம் கைமாற்று வாங்குகிறாள். முதல் மாதம் முடியும்போது சேமிப்பு பூஜ்யம், கடன் 50. இதில் ஊதாரித்தனம் எதுவும் இல்லை. ஒரு பலகாரம்கூட அவள் கூடுதலாகச் சாப்பிடவில்லை. வருமானம் மாதக் கணக்கில் வருகிறது, செலவு 28 நாள் கணக்கில் போகிறது, அவ்வளவுதான். 28 நாள் கணக்கில் ஆண்டுக்குப் பன்னிரண்டு ரீசார்ஜ் அல்ல, பதின்மூன்று. இந்தக் குறை பொதுவெளியில் பேசப்பட்ட பிறகுதான், நிறுவனங்கள் 30 நாள் ஆயுளுள்ள திட்டம் ஒன்றையாவது தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022இல் உத்தரவிட்டது.

ஆகஸ்டில் அவளுக்கு வழக்கம்போல் 250 மிஞ்சுகிறது. கடன் 50ஐ அடைத்தால் கையில் 200. அந்த நேரத்தில் ஒரு நிகழ்வு அட்டை வருகிறது: வீட்டுக்குக் கரண்ட் பில் வந்திருக்கிறது, அம்மா 300 கேட்கிறார். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. அது வரும் மாதத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் உண்டியல்வரை கை நீளும். இருக்கும் 200ஐயும் அவள் கொடுத்துவிடுகிறாள். செப்டம்பரில் 250. அக்டோபரில் இன்னொரு 250, அம்மா திருப்பிக் கொடுத்த 200. மொத்தம் 700. கட்ட வேண்டியது 900. இருநூறு ரூபாய் குறைகிறது.

இங்கே ஆசிரியர் பேசக் கூடாது. பதினாறு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர், தங்கள் கணக்கு நோட்டையும் நாட்காட்டியையும் வைத்துக்கொண்டு, பணம் எங்கே போனது என்று தாங்களே தேட வேண்டும். பெரும்பாலும் முதலில் டீயைத்தான் குற்றம் சொல்வார்கள். பெரியவர்கள் அப்படித்தானே சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நோட்டில் தேதிவாரியாக எழுதியிருந்தால் டீ நிரபராதி என்பது தெரிந்துவிடும். திட்டமிட்டதற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாடு ஜூலை 30 என்ற ஒரே வரியில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் நோட்டில் தேதி, செலவு, திட்டமிட்ட தொகை, நடந்த தொகை, கையிருப்பு என ஐந்து பத்திகள் வேண்டும். கையிருப்பு என்ற ஐந்தாவது பத்தியைச் சேர்க்காமல் விட்டால், பணம் எந்த நாளில் தீர்ந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பிறகு அதே ஆறு மாதத்தை இரண்டாம் முறை ஓட்ட வேண்டும். பல பள்ளிகளில் நேரமில்லை என்று இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டக் கூடாதது இது ஒன்றுதான். முதல் ஓட்டத்தில் பிள்ளை அனுபவிக்கிறது, இரண்டாவதில்தான் முடிவை மாற்றிப் பார்க்கிறது. இந்தப் பாத்திரத்துக்கு ஒரு வழி எளிது. ஜூலை 30 அன்று ரீசார்ஜ் தீர்ந்ததும் உடனே போடாமல் ஆகஸ்ட் 2 வரை பொறுப்பது. அதன்பின் ஒவ்வொரு முறையும் மாதத்தின் 2ஆம் தேதி வரை காத்திருப்பது. மாதக் கடைசியில் இரண்டு மூன்று நாள் நெட் இருக்காது. ஆறு மாதத்தில் ஏழு ரீசார்ஜ் ஆறாகிறது. ஜூலைச் சேமிப்பு 250 அப்படியே நிற்கிறது, ஆகஸ்டில் 500 ஆகிறது, அம்மாவுக்கு 200 கொடுத்தாலும் 300 மிஞ்சுகிறது, செப்டம்பரில் 550, அக்டோபரில் திரும்பி வந்த 200ஐயும் சேர்த்து 1,000. கட்டணம் கட்டியபின் 100 ரூபாய் கையில். முதல் நாள் தாளில் எழுதிய அதே 100.

அம்மா திருப்பித் தரவில்லை என்றால் 100 குறையும். அப்போது அவளுக்கு இரண்டே வழி: ஆகஸ்டிலேயே ‘200 இல்லை, 100 தருகிறேன்’ என்று அம்மாவிடம் சொல்வது, அல்லது நான்கு மாதத்தில் ஏழு நாள் பலகாரத்தை விடுவது. எது சரி என்று ஒத்திகை தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொடுப்பதை ‘வீண் செலவு’ என்ற கட்டத்தில் போடும் வெளிநாட்டு மாதிரி அட்டைகளை அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்தினால் நம் பிள்ளைகளுக்கு அது பொய்யாகத் தெரியும். கொடுப்பதற்கும் திட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது, அதற்கும் ஓர் அளவு உண்டு என்பதை எண்ணால் பார்க்கவிடுவதே போதும்.

அட்டையில் போடும் விலைகள் ஆசிரியரின் ஊகமாக இருக்கக் கூடாது. ஒத்திகைக்கு முந்தைய வாரம் பிள்ளைகளே விலை எழுதி வர வேண்டும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு சுடிதார் என்ன விலை, ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பக்கம் ஜெராக்ஸ் எவ்வளவு, பேருந்தைத் தவறவிட்டால் வேளச்சேரி சாலையில் ஷேர் ஆட்டோவுக்கு எவ்வளவு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சைக்கிள் என்ன விலைக்குப் போகிறது. ஒரே பொருளுக்கு மூன்று பேர் மூன்று விலை எழுதி வருவார்கள். அந்த வேறுபாட்டைச் சராசரி எடுத்து மறைக்காமல் அட்டையில் அப்படியே விட்டால், எங்கே வாங்குவது என்பதும் விளையாட்டில் ஒரு முடிவாகிவிடும்.

ஒத்திகை கெட்டுப்போவதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, அதிகம் சேமித்தவருக்குப் பரிசு என்று அறிவிப்பது. அறிவித்த நொடியில் பிள்ளைகள் வாழ்வதை நிறுத்திவிட்டு ஆசிரியருக்குப் பிடித்த விடையை எழுத ஆரம்பிக்கிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். பலகாரப் பத்தியில் தொடர்ந்து பூஜ்யம், எல்லோருடைய சேமிப்பும் வருமானத்தில் பாதிக்கு மேல். பொய்ப் பணத்தை விடுவதில் வலி இல்லை, ஆகவே சேமிப்பதும் எளிது. இதைத் தடுக்க, சேமிப்புத் தொகைக்கு மதிப்பெண் தருவதை விட்டுவிட்டு, முதல் மாதத்தில் தானே எழுதிய திட்டத்துக்கும் நடந்ததற்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பார்க்கலாம். இரண்டு மாதம் தொடர்ந்து பலகாரம், நட்புச் செலவு எதுவும் இல்லாத பாத்திரத்துக்கு ஓர் அட்டை கொடுக்கலாம்: ‘தோழிகள் உன்னை விட்டுவிட்டுப் போகத் தொடங்கிவிட்டார்கள்’. பிள்ளைகளுக்கு அது நிஜமான செலவு.

இரண்டாவது, நிகழ்வு அட்டைகளை அள்ளிப் போடுவது. சைக்கிள் பஞ்சர், காய்ச்சல், தொலைந்த ஐடி கார்டு, அண்ணன் கல்யாணம் என்று மாதாமாதம் இடி விழுந்தால், எப்படித் திட்டமிட்டாலும் மிஞ்சாது என்ற முடிவுக்குத்தான் வகுப்பு வரும். சேமிப்பைக் கற்றுத்தர வந்த விளையாட்டு சேமிப்பு வீண் என்று கற்றுத்தந்துவிடும். ஆறு மாதத்தில் இரண்டு எதிர்பாராத செலவு, ஒரு எதிர்பாராத வரவு போதும். வரவும் இருக்க வேண்டும். தீபாவளிக்குத் தாத்தா கொடுத்த 200ஐப் பிள்ளை என்ன செய்கிறது என்பது, செலவு வந்தபோது என்ன செய்தது என்பதைவிட அதிகம் சொல்லும்.

இவை தவிர, சென்னையின் தெற்குப் புறநகர்களில் இன்னொரு எச்சரிக்கை தேவை. பெரும்பாக்கத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்ககங்களும் பக்கத்திலேயே மென்பொருள் ஊழியர்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன. ஒரே டியூஷன் வகுப்பில் மாதம் 2,000 செலவழிப்பவரும் கையில் காசே இல்லாதவரும் உட்கார்ந்திருப்பார்கள். ‘உன் வீட்டில் மாதம் எவ்வளவு தருகிறார்கள்?’ என்று தொடங்கினால் வகுப்பின் பாதி வாய் மூடிவிடும். எல்லோருக்கும் அட்டையில் உள்ள பாத்திரம் மட்டுமே; சொந்த வீட்டுக் கணக்கு வகுப்புக்கு வரவே கூடாது. வறுமையைத் திட்டமிடாமையின் தண்டனையாகக் காட்டும் எந்த அட்டையும் இருக்கக் கூடாது. ஏழை வீட்டுப் பிள்ளை பணத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையத் தெரிந்து வைத்திருக்கிறது.

காகிதப் பணத்தில் முடிந்த ஒத்திகை நிஜக் காசில் தொடர வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இது புதிதல்ல. தேசியச் சிறுசேமிப்பு அமைப்பின் ஆதரவில் நடந்த ‘சஞ்சாயிகா’ பள்ளிச் சேமிப்பு வங்கி, இன்று நாற்பதைத் தாண்டிய பலருக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் கொண்டுவரும் சில்லறையைப் பிள்ளைகளே வாங்கி, பாஸ்புக்கில் பதிந்து, ஆசிரியர் மேற்பார்வையில் கணக்குப் பார்ப்பார்கள். சேர்ந்த தொகை அஞ்சலகத்துக்கோ வங்கிக்கோ போகும். அதன் பலம் தொகையில் இல்லை. போட்ட காசைத் தேவைப்படும்போது எடுக்கலாம் என்பதிலும், எடுத்த வரி பாஸ்புக்கில் கண்ணெதிரே நிற்கும் என்பதிலும் இருந்தது.

இந்த நெகிழ்வு முக்கியம் என்பதற்கு உகாண்டாவிலிருந்து சான்று இருக்கிறது. டீன் கார்லன், லீ லிண்டன் இருவரும் அங்கே 136 தொடக்கப் பள்ளிகளில் சேமிப்புப் பெட்டி வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுப் பள்ளிகளில் சேர்ந்த தொகையைப் படிப்புப் பொருள் வாங்கும் கூப்பனாக மட்டுமே திருப்பித் தந்தார்கள். மற்றொரு பிரிவில் ‘இது படிப்புக்கு’ என்று சொல்லி ரொக்கமாகவே தந்தார்கள். கூப்பன் முறைதான் பணத்தைப் பத்திரப்படுத்தும் என்று தோன்றும். ரொக்கம் தந்த பள்ளிகளில்தான் பிள்ளைகள் அதிகம் சேமித்தார்கள். பெற்றோரையும் கூட்டிப் பேசிய பள்ளிகளில் அந்தப் பணம் படிப்புப் பொருளுக்கும் போயிற்று, தேர்வு மதிப்பெண்ணும் உயர்ந்தது. இறுக்கிப் பூட்டிய பெட்டியில் பிள்ளைகள் காசு போடத் தயங்குகிறார்கள்.

இன்று பெட்டிக்குப் பதில் கணக்கே வைத்துக்கொள்ளலாம். பத்து வயது நிரம்பியவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கை இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014 மே மாதம் அறிவித்தது. எவ்வளவு தொகைவரை என்பதை அந்தந்த வங்கி தீர்மானிக்கும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கையும் பத்து வயதுப் பிள்ளை தானே இயக்கலாம். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் வென்று, ஒன்பதாம் வகுப்பு முதல் ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறும் பிள்ளைகளுக்கு எப்படியும் ஒரு கணக்கு இருக்கும். அவர்களுடைய பணம் மாதாமாதம் வருவதல்ல, மொத்தமாக வருவது. அதற்கு வேறு அட்டை வேண்டும்: ஒரே நாளில் 12,000 வந்து, அடுத்த பதினொரு மாதம் எதுவும் வராத பாத்திரம்.

காகிதப் பணத்துக்கு ஒரு வரம்பும் உண்டு. பிள்ளைகளின் நிஜச் செலவு நோட்டுகளில் நடப்பது குறைந்துகொண்டே வருகிறது. அம்மாவின் போனில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து 15 ரூபாய் கட்டும்போது கையிலிருந்து எதுவும் போவதில்லை. டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கடன் அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்ட மாணவர்கள் விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலத்தில் கேட்ட தொகை, ரொக்கம் கட்ட வேண்டியவர்கள் கேட்டதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ஆகவே இரண்டாம் ஓட்டத்தில் வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியிடமிருந்து நோட்டுகளை வாங்கிவிட்டு, ‘வங்கியாளர்’ மாணவரிடம் சீட்டுக் கொடுத்தால் அவர் கழித்துக்கொள்வார் என்று மாற்றலாம். கையிருப்பைக் கேட்டால் மட்டுமே சொல்வார். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை முறை கேட்டார்கள் என்று வங்கியாளர் குறித்துவைத்தால் போதும். மாதக் கடைசியில் பணம் தீர்ந்தவர்களின் பட்டியலோடு அதை ஒப்பிட்டு வகுப்பே முடிவைச் சொல்லிவிடும்.

ஒத்திகை பலித்ததா என்பதை வினாத்தாள் வைத்துத் தேடினால், பழைய 0.33 என்ற எண்தான் திரும்பக் கிடைக்கும். பார்க்க வேண்டியது நிஜப் பணம் வந்தபிறகு. பன்னிரண்டாம் வகுப்பில் ஒத்திகை செய்தவர்களும் செய்யாதவர்களும் கல்லூரிக்குப் போய் நான்கைந்து மாதம் ஆனபின், விரும்புகிறவர்களிடம் மட்டும், பெயரோ தொகையோ கேட்காமல் இரண்டு கேள்விகள் கேட்கலாம். அடுத்த 1,000 ரூபாய் வருவதற்கு முந்தைய நாள் கணக்கில் ஏதாவது மிச்சம் இருந்ததா? அடுத்த தேர்வுக் கட்டணம் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும்?